பதினான்கு கிராம் நெக்லஸில் பன்னிரண்டு கிராம் தங்கம்

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். குடியாத்தத்தில் தங்கை மகளுக்கு இன்னும் பன்னிரண்டு நாளில் மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீராகத் தங்கை கைபேசியில் அனுப்பிய கல் நெக்லஸை இணையத்தில் வாங்கினேன். "செய்கூலியில் 50% தள்ளுபடி" போக 1,59,500 ரூபாய். எடை 14 கிராம், ஒன்றே முக்கால் பவுன் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். கையில் 70,000தான் இருக்கிறது. மொத்தத்தையும் கிரெடிட் கார்டில் போட்டேன், மீதியை மாதம் 8,000 வீதம் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். போன வருடக் காதணி விழாவுக்கு வாங்கிய மோதிரத்தின் பாக்கி இப்போதுதான் தீர்ந்தது. நகை வந்து ஆறு நாள் ஆகிறது. ஹால்மார்க் இருக்கிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா? அடுத்த முறைக்கு டிஜிட்டல் தங்கம் சேர்க்கலாமா?

பதில்: திருப்பி அனுப்புங்கள். இன்றே அனுப்புங்கள். காரணம் நகையின் தரமல்ல. நீங்கள் இணைத்திருந்த பில்லைப் பார்த்தேன். போலி நகை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. தங்கை படம் அனுப்புகிறார், அன்று மாலையே நீங்கள் கார்டை நீட்டுகிறீர்கள். போன வருடமும் இதுதான் நடந்தது. கையில் இருக்கும் பணத்துக்கு எத்தனை கிராம் வரும் என்று கேட்காமல், படத்தில் இருக்கும் நகைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறீர்கள். பாலாற்றில் எப்படியும் தண்ணீர் வரும் என்று நம்பி இன்றே படகு வாங்கி வைப்பது போன்ற கணக்கு இது.

முதலில் அந்த 14 கிராம். பில்லில் மொத்த எடை 14.000 என்றும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் கல் 10 ct என்றும் இருக்கிறது. பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் தமிழில் தங்கத்தின் தரத்தையும் கல்லின் எடையையும் "கேரட்" என்றே எழுதுகிறோம். 22 கேரட் என்பது தங்கத்தின் தரம். ct என்பது கல்லின் எடை, ஒரு ct என்றால் 0.2 கிராம். எனவே பத்து ct கல் என்றால் இரண்டு கிராம். நிகரத் தங்கம் 12 கிராம், அதாவது ஒன்றரை பவுன். சம்பந்தி வீட்டில் சொன்ன ஒன்றே முக்கால் பவுனில் கால் பவுன் கல்தான். நாளை அடகு வைத்தாலும் விற்றாலும் 12 கிராமுக்குத்தான் பணம் எண்ணுவார்கள்.

இனி விலை. தங்கத்தின் விலை தினமும் மாறும். உங்கள் பில்லில் இருப்பது கிராமுக்கு 10,000, கணக்குக்கும் அது எளிது. 12 கிராம் தங்கம் 1,20,000. செய்கூலி, சேதாரம் இரண்டையும் சேர்த்து 28 சதவீதம் போட்டு, அதில் பாதியைத் தள்ளியிருக்கிறார்கள். மீதி 14 சதவீதம் 16,800. கல்லுக்குத் தனியாக 18,000, அதில் ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி இல்லை. கூட்டினால் 1,54,800. மூன்று சதவீத ஜிஎஸ்டி 4,644, ஹால்மார்க் கட்டணம் ஐம்பது ரூபாய்ச் சொச்சம். ஆக நீங்கள் கட்டிய தொகை.

இந்தத் தள்ளுபடிகளைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும். சாதாரணச் செயினுக்கு நம் பக்கத்துக் கடையில் பேரம் பேசினால் பத்து சதவீதத்தை ஒட்டி முடிக்கலாம் என்றிருக்கும்போது, 28 என்று எழுதிவிட்டுப் பாதியைக் குறைப்பதில் என்ன தாராளம்? எத்தனை சதவீதம் குறைத்தார்கள் என்று பார்க்காதீர்கள். கட்டும் தொகையிலிருந்து நிகர எடைக்கான அன்றைய தங்க விலையைக் கழித்துப் பாருங்கள். உங்கள் நெக்லஸில் அது 39,500. இதில் செய்கூலி, கல், வரி எல்லாம் அடக்கம், எதுவும் திரும்பி வராது. இப்படிக் கழிக்கும்போது இணையதளம் போட்டிருக்கும் 22 கேரட் விலையையும், அன்று செய்தித்தாளில் வந்த சென்னை விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில இடங்களில் செய்கூலியில் குறைத்ததைக் கிராம் விலையில் ஏற்றி வைத்திருப்பார்கள்.

அதே 1,59,500 ரூபாய்க்குக் கல் இல்லாத செயின் வாங்கியிருந்தால்? பத்து சதவீதச் செய்கூலியும் வரியும் சேர்த்துக் கிராம் 11,330 ஆகிறது. பதினான்கு கிராம் கிடைத்திருக்கும். தங்கை வீட்டில் சொல்லிக்கொண்ட அதே ஒன்றே முக்கால் பவுன், முழுவதும் தங்கமாக.

ஆனால் அதையும் வாங்கச் சொல்ல மாட்டேன், அந்தப் பணம் உங்களிடம் இல்லை. 70,000 கட்டியது போக 89,500 கார்டில் நிற்கும். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வட்டிக்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். நீங்கள் நினைப்பதுபோல மாதம் 8,000 கட்டினால், வேறு எதுவும் வாங்காமலிருந்தால், அடைக்கப் பதினைந்து மாதத்துக்குமேல் ஆகும். வட்டி மட்டும் சுமார் 33,000. அந்தப் பணத்துக்கு மூன்று கிராம் வாங்கலாம். தவணையாக மாற்றிக்கொள்ளலாம் என்று கடைசியில் கேட்டால், தங்க நகைக்குப் பல வங்கிகள் அதைத் தருவதே இல்லை.

ஹால்மார்க் இருக்கிறதே என்கிறீர்கள். அது தரத்துக்கான சான்று. செய்கூலி நியாயமா, கல்லின் விலை சரியா என்றெல்லாம் அது சொல்லாது. நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் முத்திரை, 22K916 என்ற தரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாள எண்ணான HUID. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறிலக்க HUID இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. BIS CARE செயலியில் Verify HUID பகுதியில் அதை இட்டுப் பாருங்கள். தரத்தோடு, அது என்ன வகை நகை என்பதும் வரும். அங்கே மோதிரம் என்று வந்து உங்கள் கையில் நெக்லஸ் இருந்தால் விவகாரம். கடையின் பெயர் வேறாக வந்தால் உடனே பதற வேண்டாம், நகையைச் செய்தவர் ஹால்மார்க் வாங்கியிருக்கலாம். எண்ணைப் பெட்டியிலும் அட்டையிலும் பார்த்து இடாமல், நகையில் பொறித்திருப்பதை லென்ஸ் வைத்துப் படித்து இடுங்கள்.

எடையில் ஒரு சிக்கல் உண்டு. ஆற்காட்டிலோ வாலாஜாவிலோ தெரிந்த கடையின் தராசில் மொத்த எடையைப் பார்த்துவிடலாம். வீட்டுச் சமையல் தராசு இதற்கு உதவாது. ஆனால் பின்புறம் மூடிய கல் நகையில் கல்லும், உள்ளே அரக்கு இருந்தால் அதுவும் எவ்வளவு என்பதைப் பிரிக்காமல் அறிய முடியாது. பில் சொல்வதை நம்ப வேண்டியதுதான். விற்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்லும் கழிவையும் அப்படியே நம்ப வேண்டியிருக்கும். சீருக்குக் கல் நகை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு விலையைவிட இது பெரிய காரணம்.

இனி திருப்பி அனுப்பும் வேலை. பில்லின் பின்பக்க நிபந்தனைப்படி, நகை வந்த பதினைந்து நாளுக்குள் திருப்பினால் முழுப் பணம். அதற்குப் பிறகு "வாழ்நாள் மாற்றுச் சலுகை" மட்டும்தான். அதில் தங்கத்தின் விலைக்கு ஈடாக அவர்களிடமே வேறு நகை எடுக்கலாம், செய்கூலியும் கல் பணமும் போனது போனதுதான், ரொக்கமும் வராது. விழா பதினெட்டாம் நாள் வருகிறது. எனவே விழாவில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பலாம் என்ற யோசனை நாள் கணக்கிலேயே அடிபட்டுவிடும். அதற்கு முன்பே அடிபட்டுவிடும், ஏனென்றால் நகையில் கட்டியிருக்கும் டேக்கை அறுத்தால் எடுக்க மாட்டோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். தங்கையிடம் நகையை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். போட்டோ எடுக்க ஒரு நிமிடம் என்பார்கள், அந்த ஒரு நிமிடத்தில் டேக் போய்விடும்.

கோரிக்கையைத் தொலைபேசியில் சொல்லாமல் இணையதளத்திலேயே பதிவு செய்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். கூரியர் தாமதமானாலும் நீங்கள் கேட்ட தேதி நிற்கும். தராசில் நகை இருக்கும்போது எண் தெரியும்படி ஒரு படம், HUID தெரியும்படி ஒரு படம், டேக்கோடு ஒரு படம். பெட்டியில் வைத்து ஒட்டுவது வரை ஒரே வீடியோவாக எடுங்கள். எடை குறைகிறது என்று அங்கிருந்து சொன்னால் உங்கள் பக்கம் பேச அதுதான் இருக்கும். இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை.

பணம் கார்டுக்குத்தான் திரும்பும். அது வருவதற்குள் பில் கட்டும் தேதி வந்துவிட்டால், குறைந்தபட்சத் தொகையையாவது கட்டிவிடுங்கள். "திருப்பி அனுப்பிவிட்டேனே" என்று சும்மா இருந்தால் தாமதக் கட்டணம் விழும்.

சீருக்கு என்ன செய்வது? கையிலிருக்கும் 70,000க்குக் கல் இல்லாத செயின் ஆறு கிராம் வரும், ஏறக்குறைய 68,000. முக்கால் பவுன். ஒன்றே முக்கால் என்று சொன்ன இடத்தில் முக்கால் என்பது சங்கடம்தான், மறுக்கவில்லை. அந்தச் சங்கடத்தை விழாவுக்கு முன்பே, தங்கையிடமும் மாப்பிள்ளையிடமும் நேரில் போய்ப் பட்டுவிடுங்கள். நெக்லஸ் பில்லையும் எடுத்துப் போங்கள். கால் பவுன் கல் என்பதை மாப்பிள்ளை ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார், தங்கைக்கு இரண்டு நாள் ஆகலாம். புதுச் செயினுக்குப் பில்லில் நிகர எடையும் தரமும் தனித்தனியே எழுதி வாங்குங்கள், பில்லைத் தங்கையிடமே கொடுத்துவிடுங்கள். பின்னால் மாற்றப் போகிறவர் அவர்தான்.

டிஜிட்டல் தங்கம் வேண்டாம். வாங்கும்போதே மூன்று சதவீத ஜிஎஸ்டி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஒரு இடைவெளி, கடைசியில் நகையாக எடுத்தால் அதற்குச் செய்கூலி வேறு. இது தன் கட்டுப்பாட்டில் வரும் திட்டமல்ல என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. கார்டுக்குக் கட்டுவதாக இருந்த அதே 8,000த்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பில் போடுங்கள். அடுத்த விழாவுக்குத் தங்கை படம் அனுப்பும்போது, அதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.