ஸ்ரோமா கட்டுக்கடங்காமல் போகும்போது: கேள்வி-பதில்

அப்பாவுக்கு இலியோஸ்ரமி, சிறுகுடலை வயிற்றில் ஸ்ரோமா என்ற வாயாகத் திறந்து பை மாட்டியிருக்கிறது. தாகம் என்கிறார், நாளுக்கு 3 லீற்றர் தண்ணீரும் இளநீரும் கொடுக்கிறோம். பை இன்னும் வேகமாக நிரம்புகிறதே? (சாவகச்சேரி)

கொடுப்பதால்தான் நிரம்புகிறது. உப்பில்லாத நீர் சிறுகுடலுக்குள் போனால் உடலிலிருந்து சோடியத்தை இழுத்துக்கொண்டு வெளியே வரும். தாகம் அடங்காது. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் சொற்பம். தண்ணீர், தேத்தண்ணி, இளநீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு அரை முதல் 1 லீற்றரோடு நிறுத்துங்கள். மிச்சத் தாகத்துக்கு ஜீவனி உப்புக் கரைசல். ஒரு பைக்கற்றை 1 லீற்றரில் கரைத்தால் சோடியம் 75 மில்லிமோல்தான். குடலுக்கு 90க்கு மேல் வேண்டும். மட்டமாக வழித்த கால் தேக்கரண்டி உப்புச் சேர்த்தால் 100ஐ எட்டும். குளிரவைத்து, நாள் முழுதும் சிறுகச் சிறுக. இருதய, சிறுநீரக நோயாளிகள் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடவேண்டாம்.

குடல் ஓட்டத்தை மெதுவாக்கும் லொப்பெரமைட் மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகா?

முன். அரை மணி நேரம் முன்.

நாளுக்கு ஆறேழு தடவை பையை வெறுமையாக்குகிறோம். கிளினிக்கில் அதைச் சொன்னால் போதாதா? (மானிப்பாய்)

போதாது! "ஆறு தடவை" என்பது அளவல்ல. தடவைக்கு 100 மில்லிலீற்றரா, 400ஆ? ஒரு கொப்பியைப் பார்ப்போம். பகலில் ஆறு தடவை, மொத்தம் 1,600. இரவுப் பையில் 800. அதை விடியற்காலையில் மகன் கொட்டிவிட்டார், யாரும் எழுதவில்லை. உண்மையான இழப்பு 2,400. லீற்றருக்கு 100 மில்லிமோல் சோடியம் என்று வைத்தால் 240 மில்லிமோல், ஏறத்தாழ 14 கிராம் உப்பு. கொப்பியை நம்பினால் 9 கிராம்தான். மருந்து வேலை செய்கிறது என்று வைத்தியரும் ஏமாறுவார்.

மில்லிலீற்றர் கோடு போட்ட சாடியில் ஊற்றி, நேரத்தோடு எழுதுங்கள். காலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை ஒரு நாள். கசிந்தால் "கசிவு" என்று எழுதுங்கள், அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். குடித்ததை ஜீவனி, மற்றவை என்று இரண்டு நிரலாகப் பிரியுங்கள். சிறுநீருக்குத் தனிச் சாடி. காலையில் வெறுவயிற்றில் நிறை. பை குறைந்து சிறுநீரும் குறைந்தால் அது முன்னேற்றம் அல்ல, உடல் வற்றுகிறது. சிறுநீர் அரை லீற்றருக்குக் கீழ் போனால், அல்லது எழும்பும்போது தலை சுற்றினால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மக்னீசியம் மாத்திரை எடுத்தும் அளவு ஏறவில்லை, பொட்டாசியமும் குறைவு. (வவுனியா, தாதி உத்தியோகத்தர்)

சோடியத்தைச் சரிசெய்தீர்களா? கடிதத்தில் சிறுநீர்ச் சோடியமே இல்லை. அது லீற்றருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழ் என்றால், உப்பைக் காக்கும் ஹோர்மோனான அல்டொஸ்ரெரோன் உச்சத்தில் நிற்கும். சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றும். முதலில் உப்பும் நீரும், பிறகு மக்னீசியம். பொட்டாசியம் பெரும்பாலும் தானாகவே ஏறும். மக்னீசியம் ஒக்சைட்டை இரவில் கொடுங்கள். அப்போது குடல் மெதுவாக ஓடும், உறிஞ்ச நேரம் கிடைக்கும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோலை நோயாளி நீண்ட நாளாக எடுக்கிறாரா என்றும் பாருங்கள், அதுவும் மக்னீசியத்தைக் குறைக்கும். அப்படியும் ஏறாவிட்டால் நாளத்தின் வழியே ஏற்றவேண்டியதுதான்.