ஓகஸ்டிலும் பெப்ரவரியிலும் காலியாகும் வகுப்பறை

வணக்கம் ஐயா,

உப்புவெளியில் ஒரு சிறிய ரியூட்டரி நடத்துகிறேன். புலமைப்பரிசில் வகுப்பில் 40 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 1,500 ரூபா. பதினோராம் தரத்தில் 60 பேர், பத்தாம் தரத்தில் 30 பேர், இவர்களுக்கு 2,000. ஆசிரியர்களுக்கு 60 வீதம் போக மிச்சம் நிலையத்துக்கு. வாடகை, மின்சாரம், அச்சுச் செலவு, அலுவலகத்தில் நிற்கும் பிள்ளையின் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 75,000 போகிறது. புலமைப்பரிசில் முடிந்ததும் ஒரு அறை காலி. ஜனவரியில் புது வகுப்புத் தொடங்கும் வரை அப்படியே கிடக்கும். ஓ.எல். முடிந்ததும் பாதி நிலையம் காலி, ஜூன் வரை நிரம்பாது. அந்த மாதங்களில் பாதிக் கட்டணம் என்று நோட்டீஸ் அடித்தும் பார்த்தேன். வருடம் முழுக்க ஓடியும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. டிசெம்பர் விடுமுறையில் ஓ.எல். பிள்ளைகளுக்குப் பெரிய செமினார் ஒன்று வைத்து நட்டத்தை எடுக்கலாமா? ஜமாலியாவிலிருந்து வரும் பிள்ளைகள் நோன்பு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள், அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ச., உப்புவெளி

வணக்கம்.

கணக்கை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் அதை வைத்தே பேசலாம்.

மூன்று வகுப்பும் நிறைந்திருக்கும் மாதத்தில் உங்களுக்கு 2,40,000 வருகிறது. நிலையத்தின் பங்கு 96,000. செலவு போக 21,000 மிச்சம். இந்த மாதத்தைத்தான் நீங்கள் உங்கள் தொழிலின் வழக்கமான மாதம் என்று மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் ஒழுங்கில் அப்படியான மாதம் வருடத்தில் மூன்றுதான்: ஜனவரி, ஜூன், ஜூலை. ஓகஸ்டில் புலமைப்பரிசில் பிள்ளைகளின் பெற்றோர் பத்து நாளுக்காக மாதக் கட்டணம் கட்டமாட்டார்கள். அங்கிருந்து டிசெம்பர் வரை ஐந்து மாதமும் உங்கள் பங்கு 72,000. மாதம் 3,000 கையை விட்டுப் போகிறது. இது சின்னத் துளை.

பெரிய துளை பெப்ரவரியில் இருக்கிறது. ஓ.எல். பட்ச் போனதும் மிஞ்சுவது புலமைப்பரிசில் வகுப்பும், பத்திலிருந்து பதினொன்றுக்கு ஏறிய 30 பேரும்தான். உங்கள் பங்கு 48,000 ஆகிவிடும். பெப்ரவரி முதல் மே வரை மாதம் 27,000 நட்டம். மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். நல்ல மாதங்களில் வந்தது 63,000, போனது 1,23,000. வருடக் கடைசியில் 60,000 குறைகிறது. பிள்ளைகள் குறைவு என்பதால் வந்த நட்டம் இல்லை இது. ஒரு பட்ச் வெளியேறிய பிறகுதான் அடுத்த பட்சை நீங்கள் தேடத் தொடங்குகிறீர்கள், அதனால் வந்தது.

பாதிக் கட்டண நோட்டீஸ் பலிக்காததற்கும் காரணம் இதுதான். மார்ச் மாதத்தில் வராத பிள்ளை கட்டணம் கூட என்று வராமல் இருக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு அப்போது பரீட்சை நெருங்கவில்லை, அவ்வளவுதான். பரீட்சை தூரத்தில் இருக்கும்போது 1,000 ரூபாவுக்கும் வரமாட்டார்கள், கிட்ட வந்ததும் 2,500க்கும் வருவார்கள். நடந்தது என்னவென்றால், எப்படியும் முழுக் கட்டணம் கட்டியிருக்கக்கூடிய அந்த 30 பேரும் பாதி கட்டினார்கள். அவர்களிடமிருந்து வரவேண்டிய உங்கள் பங்கு 24,000 போய் 12,000 ஆகியிருக்கும். தயவுசெய்து அதை இனிச் செய்யாதீர்கள்.

செய்யவேண்டியது, பழைய பட்ச் உள்ளே இருக்கும்போதே புதிய பட்சைத் திறப்பது. புலமைப்பரிசிலுக்கு அடுத்த ஜனவரி வரை காத்திருக்காமல், இரண்டாம் தவணை தொடங்கியதும் மே மாதத்தில் நாலாம் தரத்துக்குச் சனிக்கிழமைக் காலை வகுப்பு ஒன்று வையுங்கள். கட்டணம் 1,200 போதும், ஏனென்றால் வாரத்துக்கு ஒரு நாள்தான். மே மாதம் ஏன் என்றால், அப்போதுதான் ஐந்தாம் தரப் பிள்ளைகளின் தாய்மார் உங்கள் வாசலில் காத்து நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் தம்பி தங்கைமாரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்ப்பவர்கள் அவர்கள்தான். ஓகஸ்ட் பரீட்சை முடிந்ததும் அந்தக் கூட்டம் கலைந்துவிடும், செப்டெம்பரில் நோட்டீஸை யாரிடம் கொடுப்பது? 20 பிள்ளைகள் வந்தாலே உங்கள் பங்கு மாதம் 9,600. சின்னத் துளை அடைபட்டு, அந்த மாதங்களில் 6,600 மிஞ்சும்.

ஓ.எல்லுக்கும் இதே வழிதான். ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் மட்டும் ஒக்டோபரில் தொடங்குங்கள். 25 பேர், 1,600 ரூபா என்றால் உங்கள் பங்கு 16,000. பெப்ரவரியில் அவர்கள் ஏற்கெனவே பத்தாம் தரப் பட்சாக உள்ளே இருப்பார்கள்.

அப்புறம், வெளியே போகிற 60 பேரையும் நினையுங்கள். ஓ.எல். எழுதிய பிள்ளைக்கு அடுத்த சில வாரங்கள் பள்ளிக்கூடம் இல்லை, பெறுபேறு வர மாதங்கள் ஆகும். 2025 மார்ச்சில் எழுதியவர்களுக்கு ஜூலையில்தான் வந்தது. இந்த இடைவெளியில் பிள்ளையை ஆங்கில வகுப்புக்கோ கம்பியூட்டர் வகுப்புக்கோ விடாத பெற்றோர் நம்மூரில் குறைவு. உங்கள் அறைகளோ காலை வேளையில் பூட்டிக் கிடக்கின்றன. மார்ச்சில் தொடங்கி மூன்று மாதத்தில் முடிகிற பேச்சு ஆங்கில வகுப்பு ஒன்றை, பரீட்சைக்கு முன்பே, ஜனவரியில் பெயர் பதிந்து வையுங்கள். பரீட்சை முடிந்த அன்றே பட்ச் கலைந்துவிடும், பிறகு போன் எடுத்துக் கூப்பிட்டு ஆகாது. 60 பேரில் 20 பேர், மாதம் 2,500 என்றால் உங்கள் பங்கு 20,000. இப்போது மார்ச் மாதக் கணக்கைப் பாருங்கள்: 48,000, 16,000, 20,000. மொத்தம் 84,000. மாதம் 27,000 நட்டம் இருந்த இடத்தில் 9,000 மிச்சம்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. உயர்தர வகுப்புகளும் ஓ.எல். முடிந்த உடனேயே தொடங்கிவிடுகின்றன. கணிதப் பிரிவுக்கும் உயிரியல் பிரிவுக்கும் போகிற பிள்ளைகளை டவுனில் உள்ள பெரிய ஆசிரியர்கள் பெறுபேற்றுக்கு முன்பே எடுத்துவிடுவார்கள். அவர்களோடு மோதாதீர்கள். ஆங்கில வகுப்பைக் காலை பத்துக்குள் முடித்துவிட்டால் பிள்ளை இரண்டுக்கும் போகும். பதிந்த 20 பேரில் முதல் மாதமே பாதிப் பேர் நின்றால் நேரம் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம், கட்டணத்தைக் குறைக்காமல் நேரத்தை மாற்றுங்கள்.

திகதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஓ.எல். பரீட்சை 2024 மே மாதம் நடந்தது, அடுத்தது 2025 மார்ச்சில், அதற்கடுத்தது 2026 பெப்ரவரியில். கொரோனாவுக்கு முன்பு அது டிசெம்பர் பரீட்சை, மெதுமெதுவாக அந்தப் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருக்கிறது. இதன் பொருள், ஒரு பரீட்சைக்கும் அடுத்த பரீட்சைக்கும் இடையில் உங்களுக்குப் பன்னிரண்டு மாதம் கிடைக்கவில்லை, ஒருமுறை பத்து, மறுமுறை பதினொன்று. பாடத்திட்டம் அதே அளவு, கட்டணம் வாங்கும் மாதம் மட்டும் குறைவு. அதனால் போன வருட அட்டவணையைப் பிரதியெடுக்காதீர்கள். பரீட்சைத் திணைக்களம் திகதி அறிவித்த அன்று, அந்தத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி ஒரு வாரத்தைச் சேர்க்கவேண்டாம். 2025 புலமைப்பரிசில் ஓகஸ்ட் 10இல் நடந்தது, ஓகஸ்ட் 6 நள்ளிரவோடு வகுப்பு, செமினார், மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாம் தடை. மற்றப் பரீட்சைகளுக்கும் இப்படித்தான் சில நாட்கள் முன்பே நிறுத்துவார்கள். பரீட்சை மாதத்துக்கு முழுக் கட்டணம் வாங்கிவிட்டுத் தடை வந்ததும் கையை விரித்தால், மே மாதம் உங்களுக்காகப் பேசவேண்டிய அதே தாய்மார் எதிராகப் பேசுவார்கள்.

டிசெம்பர் செமினாருக்கு வருகிறேன். ஓ.எல். பெப்ரவரியில் இருக்கும் வரை டிசெம்பர்தான் கடைசி நீண்ட விடுமுறை, தேவை உண்மையானது. ஆனால் நம் கிழக்குக் கரைக்கு நவெம்பரும் டிசெம்பரும் மழைக்காலம். 2025 நவெம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே நின்று, மிச்சப் பாடங்கள் ஜனவரிக்குப் போயின. அரசாங்கப் பரீட்சைக்கே அந்த நிலை என்றால், மண்டபம் எடுத்து, ஒலிபெருக்கி வைத்து, வெளியூர் ஆசிரியருக்கு முற்பணம் கொடுத்து மூன்று நாள் செமினார் வைப்பது பெரிய ஆபத்து. நான் அதை வேண்டாம் என்பேன்.

அதற்குப் பதிலாக வினாத்தாள் வகுப்பு வையுங்கள். உங்கள் சொந்த அறையில், உங்கள் ஆசிரியர்களோடு, பத்து வினாத்தாள்கள். ஒவ்வொன்றும் அன்றைக்கே எழுதி அன்றைக்கே திருத்தி விளக்கி முடிவது. ஒன்று தவறினாலும் மற்றதைக் கெடுக்காது என்பதால் மழை நாளை நகர்த்தலாம். டிசெம்பரில் ஏழு நாள் போட்டு, மூன்றை ஜனவரியின் முதல் இரண்டு வார இறுதிகளுக்கு வையுங்கள். மழை எடுத்த நாட்களுக்கு மூன்றாவது வார இறுதியைச் சும்மா விட்டுவையுங்கள். தாள்களை ஒக்டோபரிலேயே அச்சடியுங்கள், மின்சாரம் போகிற வாரத்தில் போட்டோகொப்பிக் கடையை நம்பமுடியாது. கட்டணத்தை மொத்தமாக வாங்காமல் ஐந்து தாளுக்கு ஒருமுறை வாங்கினால், வகுப்பு நின்றாலும் திருப்பிக் கொடுக்கும் சண்டை வராது. உங்கள் நட்டம் முழுவதையும் இது எடுக்காது, அதை எதிர்பார்க்கவேண்டாம்.

ஜமாலியாப் பிள்ளைகள் விஷயம் இலகு. நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. மாலை வகுப்பு நோன்பு துறக்கும் நேரத்தில் இடிக்கிறது, அதனால் நிற்கிறார்கள். காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை தனி வகுப்பு வைத்தால் வருவார்கள். எந்த ஆசிரியர் காலையில் வரமுடியும் என்பதுதான் சிக்கல், பாடசாலையில் படிப்பிப்பவர் வரமுடியாது, ஓய்வுபெற்ற ஒருவரைப் பார்க்கவேண்டும். நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். நோன்பு தொடங்குவது 2025இல் மார்ச், 2026இல் பெப்ரவரியின் பிற்பகுதி, 2027இல் பெப்ரவரியின் முற்பகுதி. அதாவது இன்னும் இரண்டொரு வருடத்துக்கு அது உங்கள் காலி மாதங்களோடு ஒட்டியே வரும். அதே காலை அறைகளில் ஒன்றில் ஆங்கில வகுப்பு, மற்றதில் இவர்கள் என்று ஒழுங்கு செய்யலாம்.

ஒக்டோபரில் ஒன்பதாம் தர வகுப்பு எத்தனை பேரோடு தொடங்கியது என்று எழுதுங்கள். 15க்குக் கீழே வந்தால் மற்றக் கணக்கெல்லாம் மாறும், அப்போது திரும்பப் பார்ப்போம்.