சிக்கல், நாகூர், வேளாங்கண்ணி: செருப்பு, போட்டோ, செல்போன்

கேள்வி: சிக்கல் சிங்காரவேலர் கோயில், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மூன்றுக்கும் ஒரே நாளில் போகிறோம். கூட வேலை பார்க்கும் வெளிநாட்டு நண்பர் ஒருவரும் வருகிறார், எப்போதும் தொப்பியும் கேமராவுமாக இருப்பார். செருப்பை எங்கே கழற்றுவது, போட்டோ எடுக்கலாமா, செல்போனை என்ன செய்வது?

பதில்:

எனக்கு நாகப்பட்டினம்தான் ஊர். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் இந்த மூன்று இடத்துக்கும் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். மூன்றும் நாகையைச் சுற்றிப் பக்கத்திலேயே இருப்பதால் ஒரே நாளில் முடிந்துவிடும். காலையில் சிக்கலில் தொடங்குங்கள், ஏனென்றால் மத்தியானம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். வேளாங்கண்ணியில் அந்தத் தொல்லை இல்லை.

மூன்று இடத்திலும் செருப்பைக் கழற்றத்தான் போகிறீர்கள். ஆனால் கழற்றுகிற காரணம் ஒவ்வொன்றிலும் வேறு. அது தெரிந்தால் எந்த இடத்தில் கழற்றுவது என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

கோயிலில் மதில் சுவருக்கு உள்ளே இருப்பது முழுவதுமே கோயில்தான். வெளிப் பிரகாரம் திறந்தவெளியாக இருந்தாலும், அங்கே சாமி எதுவும் கண்ணில் படாவிட்டாலும், அது தெரு இல்லை. அதனால் ராஜகோபுர வாசலுக்கு வெளியிலேயே செருப்பை விட்டுவிட வேண்டும். நண்பருக்கு இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். 'கட்டடத்துக்குள் போகும்போது கழற்றினால் போதும்' என்று நினைத்து ஷூவோடு பிரகாரத்துக்குள் வந்துவிடுகிறவர்கள் நிறைய. சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கே தரைக்கல் காலைச் சுட்டுவிடும். பெரிய கோயில்களில் தேங்காய் நார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளித்து வைப்பார்கள், இல்லையென்றால் நிழல் பார்த்து ஓட வேண்டியதுதான். காலையில் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தர்காவும் பள்ளிவாசலும் ஒன்றில்லை. நாகூரில் பள்ளிவாசலும் தர்கா வளாகத்திலேயே இருப்பதால் புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். தர்கா என்பது நாகூர் ஆண்டவர் அடக்கமாகியிருக்கும் இடம். அங்கே செருப்பைக் கழற்றுவது பெரியவருக்குக் காட்டும் மரியாதை. எங்கள் ஊர்ப்பக்கம் இந்துக்களும் வேண்டுதலுக்கு வந்துபோகிற இடம் அது. ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்ததே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்தான். பள்ளிவாசலில் காரணம் வேறு. தொழுகிறவர்கள் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்கிறார்கள். நெற்றி படும் தரையில் தெரு அழுக்கு படக்கூடாது. அங்கே பிரச்சினை செருப்பு இல்லை, அதில் ஒட்டிவரும் அசுத்தம். நபிகள் செருப்போடு தொழுதுகொண்டிருந்தபோது, அதில் அசுத்தம் இருப்பது தெரியவந்ததும் தொழுகைக்கு நடுவிலேயே கழற்றிவைத்ததாக ஹதீஸ் உண்டு. அதனால் பள்ளிவாசலில் விரிப்புக்கும் தொழும் தரைக்கும் செருப்பு போகவே கூடாது. படியில் கழற்றி அங்கேயே அலமாரி இருந்தால் வையுங்கள். கையில் எடுத்துப்போவதானால் அடிப்பாகம் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் நடந்த ஈரக்காலோடு அப்படியே விரிப்பில் ஏறாதீர்கள்.

வேளாங்கண்ணிதான் விசித்திரம். கத்தோலிக்கத் திருச்சபையில் ஷூவைக் கழற்று என்று விதியே கிடையாது. உங்கள் நண்பர் ஊரில் ஷூ போட்டுக்கொண்டுதான் பூசைக்குப் போவார்கள், சென்னை சாந்தோமிலும் பலர் அப்படித்தான். ஆனால் வேளாங்கண்ணியில் வெளியே செருப்பு குவிந்து கிடக்கும். மாதா குளத்திலிருந்து கோயில் வரைக்கும் மணல் பாதையில் முழங்காலால் நடந்து வேண்டுதல் செலுத்துகிறவர்களைப் பார்ப்பீர்கள். அவர்களுக்கு நடுவில் ஷூவோடு நடக்க யாருக்கும் மனசு வராது. எரிகிற முட்செடி முன்னால் மோசேயைச் செருப்பைக் கழற்றச் சொன்ன வசனம் பைபிளில் இருக்கிறதே என்று சிலர் காட்டுவார்கள். ஆனால் அதே வசனத்தைப் படிக்கிற யூதர்கள் பெரும்பாலும் ஷூவோடுதான் ஜெபாலயத்துக்குள் போகிறார்கள். ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கிற பரதேசி ஜெபாலயத்தில் வாசலில் கழற்றச் சொல்வார்கள். உள்ளே கையால் தீட்டிய சீன நீலப் பூ ஓடுகள் பதித்த தரை. ஆக, வேளாங்கண்ணியில் வேதத்தைவிட நம் மண்ணின் பழக்கம்தான் காலில் தெரிகிறது என்பது என் கணிப்பு.

செருப்பைவிட நண்பருக்குச் சிக்கல் கொடுக்கப்போவது தொப்பிதான். கோயிலில் கழற்ற வேண்டும். தர்காவிலும் பள்ளிவாசலிலும் தலையை மூடிக்கொள்வது மரியாதை, கைக்குட்டை கட்டினாலும் போதும். சர்ச்சில் ஆண்கள் மறுபடி கழற்றிவிட வேண்டும். விளிம்பு வைத்த அவருடைய தொப்பியை வண்டியிலேயே விட்டுவிட்டு, ஒரு பெரிய கைக்குட்டையை மட்டும் பையில் போட்டுக்கொண்டால் வேலை சுலபம்.

அடுத்தது போனும் போட்டோவும். கோயிலில் இந்த இரண்டும் இப்போது ஒரே விதியாகிவிட்டன. திருச்செந்தூர் கோயிலில் சந்நிதி முன்னாலேயே செல்போனில் படம் பிடிப்பது பற்றித் தொடரப்பட்ட வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. போனை வாங்கிவைக்க வாசலில் ஏற்பாடு செய்யவும் சொன்னது. மதுரை மீனாட்சி கோயிலில் அதற்கு முன்பே, 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத் தீ விபத்துக்குப் பிறகு, போன் தடை வந்துவிட்டது. 'போட்டோ எடுக்காதீர்கள்' என்று பலகை வைத்துப் பார்த்துப் பலன் இல்லாமல்தான் போனையே வாசலில் நிறுத்தும் நிலை வந்தது. யார் பேசுகிறார்கள், யார் படம் பிடிக்கிறார்கள் என்று ஒவ்வொருவர் பின்னாலும் காவலர் நிற்க முடியாது இல்லையா.

நடைமுறை கோயிலுக்குக் கோயில் மாறும். பெரிய கோயில்களில் சோதனை செய்து வாங்கிவைத்து டோக்கன் தருவார்கள். மற்ற இடங்களில் பலகை மட்டும் இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் சந்நிதியில் வெளியே எடுக்காதீர்கள். மூலவரைப் படம் எடுக்கக்கூடாது என்பது போன் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். கோபுரத்தை வெளியே தெருவில் நின்று எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் பலரும் மறந்துபோகிற விஷயம் ஒன்று உண்டு. போனைக் கொடுத்துவிட்டால் ஜிபே-யும் சேர்ந்து போய்விடும். அர்ச்சனைச் சீட்டு, நெய் விளக்கு எல்லாவற்றுக்கும் கையில் சில்லறையாகக் காசு வையுங்கள். குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால், பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று உள்ளே போவதற்கு முன்பே பேசிவையுங்கள். கொடிமரம் நல்ல அடையாளம். டோக்கனை ஒருவரே வைத்திருங்கள். என்னைக் கேட்டால், ஒருவர் வண்டியிலேயே எல்லாப் போனோடும் நண்பருடைய கேமராவோடும் இருந்துவிட்டு, மற்றவர்கள் வந்ததும் போய்வருவது இன்னும் நிம்மதி.

பள்ளிவாசலில் போனை வாங்கிவைக்க மாட்டார்கள். அங்கே கேள்வி நேரம் பற்றியது. தொழுகை தொடங்குவதற்கு முன்னால் செல்போனை அணைத்துவிடுங்கள் என்று ஞாபகப்படுத்துவார்கள். மறந்துபோய்த் தொழுகைக்கு நடுவில் யாருடைய போனாவது அடித்தால், ஒரு கையால் சட்டென்று அமர்த்திவிடலாம், அதனால் தொழுகை முறியாது என்பது மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் சொல்வது. அடிக்கவிட்டு நிற்பதுதான் வரிசையில் எல்லோருக்கும் இடைஞ்சல். உங்கள் குழுவுக்கு நான் சொல்வது: தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் பக்கம் போகாதீர்கள், வெள்ளிக்கிழமை மத்தியானம் கண்டிப்பாக வேண்டாம். மற்ற நேரத்திலும் யாராவது தனியாகத் தொழுதுகொண்டிருப்பார்கள். அவர்கள் முன்னால் குறுக்கே நடக்கக்கூடாது. படம் எடுக்க நல்ல கோணம் தேடிப்போகிறவர்கள் செய்கிற தவறு பெரும்பாலும் இதுதான். தர்காவில் மினாராக்களையும் முற்றத்தையும் படம் எடுக்கலாம். அடக்கத்தலத்துக்குள் வேண்டாம். அங்கே கையேந்தி அழுதுகொண்டிருப்பவர் முகத்தில் கேமராவைத் திருப்புவது எந்த விதிப் பலகை இல்லாவிட்டாலும் தப்பு.

வேளாங்கண்ணியிலும் நேரம்தான் முக்கியம், ஆனால் அங்கே நாள் முழுக்க ஏதாவது ஒரு மொழியில் பூசை நடந்துகொண்டே இருக்கும். இடைவேளை பார்த்து எடுக்கலாம் என்று காத்திருந்தால் பொழுது போய்விடும். பூசையில் அப்பமும் இரசமும் உயர்த்தப்படும் நேரத்தில் எல்லோரும் முழங்காலில் இருப்பார்கள், நீங்கள் மட்டும் நின்று போனை உயர்த்தினால் கோயில் முழுக்கத் தெரியும். நண்பருக்குக் கத்தோலிக்கப் பழக்கம் இல்லையென்றால் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லுங்கள், நற்கருணை வாங்க வரிசையில் போக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். நற்கருணை ஆராதனை நடக்கும் சிற்றாலயத்தில் படமும் கிடையாது, பேச்சும் கிடையாது, போன் அதிர்வது கூடக் கேட்டுவிடும். வெளியே வெள்ளைக் கோபுரத்தோடு நின்று படம் எடுப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள்.

நண்பர் செல்ஃபி பிரியர் என்றால் இன்னொன்று. நாம் சாமிக்கு முதுகைக் காட்டி நிற்பதில்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இலங்கையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதைக் கடுமையாகவே பார்க்கிறார்கள். 2012-ல் புத்தர் சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோல் படம் எடுத்துக்கொண்ட பிரெஞ்சுப் பயணிகள் மூன்று பேருக்கு அங்கே ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையே கிடைத்தது. படத்தை அச்சுப்போடக் காலி நகரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தபோதுதான் விஷயம் போலீசுக்குப் போனது. நம் பக்கம் அந்த அளவுக்குப் போகாது, ஆனால் பக்கத்தில் நிற்கும் பாட்டி யாராவது தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார்.

கடைசியாக ஒன்று. ஷூ வேண்டாம், பழைய ரப்பர் செருப்பு போட்டு வாருங்கள். மூன்று இடத்திலும் கழற்றி மாட்ட வசதி, காணாமல் போனாலும் வருத்தமில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்தக் கூட்டத்தில் செருப்பைக் கண்டுபிடிக்க முடியாது, வண்டியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போய்விடுங்கள்.