படகை இழுக்க எந்தக் கார்?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருக்கிறோம். 14 அடி ஃபைபர் படகொன்றைச் சிறிய ட்ரெய்லரில் வாவிக்கும், இடைக்கிடை பாசிக்குடாவுக்கும் கொண்டுபோக வேண்டும். வீட்டில் நான்கு பேர். வலைகளைக் கூரையில் கட்டலாம் என்பது எண்ணம். பழைய கார்கள் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன்: ஒன்று சிறிய ஹைபிரிட், மற்றையது 1500 சிசி ஸ்டேஷன் வேகன். "இரண்டுமே ஒரு டொன் இழுக்கும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். எந்தக் காரும் எவ்வளவு இழுக்கலாம் என்பதை அதைத் தயாரித்தவர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு இதில் இடமே இல்லை. ஹைபிரிட்டை இப்போதே விட்டுவிடுங்கள். சிறிய ஹைபிரிட்கள் பலவற்றுக்கு இழுவை அனுமதி கிடையாது. மூன்றாம் தலைமுறை பிரியஸ் அவற்றைவிடப் பெரிய கார். அதன் கைநூலே ட்ரெய்லர் இழுக்க வேண்டாம் என்கிறது.

"எங்கள் பக்கம் மேடே இல்லையே, மட்டமான வீதிதானே" என்று நீங்கள் நினைக்கலாம். இழுவை அளவு மட்டமான வீதியை வைத்து முடிவாவதில்லை. ஐரோப்பிய விதியின்படி, முழுச் சுமையோடு 12 சதவீத ஏற்றத்தில் நிற்கும் கார், ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து தடவை நின்று நின்று புறப்பட வேண்டும். அந்த ஏற்றம் உங்கள் துறையில் இருக்கிறது. நனைந்த படகை ட்ரெய்லரில் ஏற்றி, ஈர மணற்சரிவில் இருந்து மேலே இழுக்கும் அந்த இருபது அடி தூரம்தான் உங்கள் காருக்கு உண்மையான சோதனை. கைக்கியர் கார் என்றால் கிளட்ச் எரியும் மணம் அங்கேதான் வரும். சி.வி.டி. கியர்பெட்டி என்றால் மணம்கூட வராது. எண்ணெய் சூடேறிக் கெட்டு, சில மாதம் கழித்துக் கார் உதறத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.

ஆகவே வேகனின் கைநூலில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: பிரேக் உள்ள ட்ரெய்லருக்கான அளவு ஒன்று, பிரேக் இல்லாததற்கானது மற்றொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது எண், அதுதான் சிறியது. உள்ளூரில் ஒட்டிச் செய்யும் படகு ட்ரெய்லர்களில் பிரேக் இருப்பது அரிது. அப்போது படகையும் சேர்த்து நிறுத்தும் வேலை முழுவதும் காரின் நான்கு சக்கரங்கள்மேல் விழுகிறது. பல நாடுகளில் பிரேக் இல்லாத ட்ரெய்லர் காரின் வெற்று நிறையில் பாதியைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருப்பது இதனால்தான். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கு வந்த கார்களின் கைநூல்கள் சில இதைப்பற்றி ஒன்றுமே சொல்லாது. அந்த மௌனத்தைப் பூச்சியம் என்றே கொள்ளுங்கள். அதே பெயரில் வேறு நாட்டில் விற்ற காரின் எண்ணை இணையத்தில் எடுத்து வந்து பொருத்தக் கூடாது. கியர்பெட்டியும் குளிர்விப்பானும் வேறாக இருக்கக்கூடும்.

உங்கள் ட்ரெய்லரை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்க்கிறேன். ட்ரெய்லர் 130 கிலோ, படகு 150, எஞ்சின் 40, எண்ணெய்க் கேன் 20, நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி எல்லாம் 60. மொத்தம் 400 கிலோ. கைநூல் 450 என்று சொன்னால் மீதி 50. படகின் அடியில் தேங்கி நிற்கும் 50 லீற்றர் தண்ணீர் அந்த மீதியை முழுதாக விழுங்கிவிடும். துறையைவிட்டுக் கிளம்புமுன் வடிகால் மூடியைத் திறந்துவிடுங்கள். இவை என் மதிப்பீடுகள்தான்; நெல் அறுவடைக் காலம் தவிர்த்து ஏதாவது அரிசி ஆலைக்குப் போய், படகோடு ட்ரெய்லரை எடைப்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இனிக் காரின் சொந்தச் சுமை. அனுமதித்த மொத்த நிறையில் இருந்து வெற்று நிறையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. வேகன் 1200, மொத்த நிறை 1600 என்று வைப்போம். கையில் 400 கிலோ. நான்கு பேர் 260. ட்ரெய்லரின் கழுத்து கொக்கிமேல் அழுத்தும் பாரம் 30. இதையும் கார்தான் சுமக்கிறது, பலர் மறப்பது இதைத்தான். கூரையில் 55 வைத்தால் மொத்தம் 345. பைகளுக்கும் சாப்பாட்டுக்கும் 55 கிலோ மிஞ்சும். ஒரு எச்சரிக்கை: ஜப்பானியப் பதிவுப் பத்திரத்தில் பயணிகள் காரின் மொத்த நிறை, ஆளுக்கு 55 கிலோ வீதம் கூட்டிப் போட்ட எண். ஐந்து இருக்கைக் காருக்கு 275 கிலோ, சாமானுக்கு ஒன்றுமே இல்லை. நம் வீட்டு ஆட்கள் நான்கு பேரே அதை ஏறக்குறைய நிரப்பிவிடுவார்கள்.

கூரைக்கும் தனி எல்லை உண்டு. சிறிய கார்களில் 50 கிலோ, வேகன்களில் 75 கிலோ அளவில் இருப்பது வழக்கம். சரியான எண் கைநூலில் இருக்கும். அந்த எண்ணுக்குள் கம்பிகளின் நிறையும் அடங்கும். கெரியருக்கு இதைவிடக் குறைந்த எல்லை எழுதியிருந்தால் அதுவே செல்லும். வலையைக் கூரையில் போட வேண்டாம் என்பேன். போகும்போது 30 கிலோவாக இருந்த வலை, திரும்பும்போது தண்ணீரும் சேறுமாக இன்னும் கனக்கும். உயரத்தில் கனம், பின்னால் ட்ரெய்லர், கல்லடிப் பாலத்தில் பக்கவாட்டில் வாவிக்காற்று: மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டாம். வலை படகுக்குள், அச்சுக்கு நேர் மேலே இருக்கட்டும். அதன் நிறையை அந்த 450க்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரையில் தூண்டில் தடிகளும் உயிர்காப்பு அங்கிகளும் போதும்.

கழுத்துப் பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். மட்டமான தரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஆள் நிறை பார்க்கும் தராசின்மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, கொக்கி காரில் நிற்கும் அதே உயரத்தில் கழுத்தை அதன்மேல் இறக்குங்கள். மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் வர வேண்டும். உங்கள் 400க்கு 20 முதல் 40 கிலோ. கொக்கியின் எல்லை அதைவிடக் குறைவென்றால் அதற்குள் நில்லுங்கள். எஞ்சின் படகின் பின்னால் தொங்குவதால் உங்களுக்குக் குறைவாகவே காட்டும். குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். படகை முன்னே தள்ளிக் கட்டுங்கள், எஞ்சினைக் கழற்றி முன்பக்கம் கிடத்துங்கள். கூடினால் காரின் பின்புறம் அமுங்கி, ஸ்டியரிங் லேசாகும், இரவில் விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். வழியில் வாலாட்டம் வந்துவிட்டால் அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். பிரேக்கை அடித்து மிதிக்காதீர்கள்.

கொக்கி விடயத்தில் எனக்கே ஒரு அனுபவம். நான் முன்பு வாங்கிய ஒரு காரில் கொக்கி ஏற்கெனவே பூட்டியிருந்தது, மகிழ்ச்சியோடு வாங்கினேன். அது பம்பருக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகட்டில் வெல்டிங் பிடித்தது. இரண்டாவது மாதம் தகடு கிழிந்தது. பாதுகாப்புச் சங்கிலி இருந்ததால் ட்ரெய்லர் காரைவிட்டுப் போகவில்லை. வேகனை ஜாக்கியில் தூக்கி, தாங்கிகள்மேல் நிறுத்திய பிறகே கீழே படுத்துப் பாருங்கள். கொக்கி இரு பக்கச் சட்டங்களிலும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பூட்டாத கார் என்றால், சட்டத்தில் அதற்கான துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முற்பணம் கொடுக்குமுன் கொக்கி பற்றிக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்; ட்ரெய்லரின் பதிவு பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். கைநூலில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 450 கிலோவாவது எழுதியிருந்தால் வேகனை வாங்கலாம். 350 என்று இருந்தால், எஞ்சினையும் எண்ணெயையும் ஐஸ் பெட்டியையும் வேறு வாகனத்தில் அனுப்ப முடியாதவரை அந்தக் கார் உங்களுக்கு உதவாது.