பெயரும் எண்ணும் வரும் வரிகளைத் தமிழாக்குவது

கேள்வி: ஒரு ஆப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பெயருக்கு %s, எண்ணுக்கு %d என்று குறி வருகிற வரிகளை எப்படி எழுதுவது? ஒருமை, பன்மை என்று இரண்டு பெட்டி கேட்கிறதே, இரண்டும் வேண்டுமா? தமிழில் எழுதினால் பட்டனுக்குள் அடங்கவும் மாட்டேன் என்கிறது.

பதில்:

எனக்குக் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டில், கடையில் எல்லாம் தமிழ். வேலந்தாவளம் பக்கம் காய்கறி அனுப்புகிறவர்களுக்கென்று ஒரு சின்ன வெப் ஆப் வந்தபோது தமிழ் வரிகள் என் தலையில், மலையாளம் நண்பன் ஒருவன் தலையில். முன்னூறு வரிகளுக்கு மேல் செய்தோம். அதில் இந்த ஒரே வரி எங்களைப் படுத்திய பாட்டைச் சொன்னால் உங்கள் கேள்வியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

```
#, php-format
msgid "%s sent %d box to %s"
msgid_plural "%s sent %d boxes to %s"
```

அனுப்பியவர், எத்தனை பெட்டி, யாருக்கு. ஆங்கில வரிசை இது. தமிழில் "யாருக்கு" முன்னால் வரும், எண்ணிக்கை பின்னால் போகும். நானும் அப்படியே நோட்பேடில் `%s %sக்கு %d பெட்டிகள் அனுப்பினார்` என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் திரையில் வந்தது: "முருகன் 12க்கு 0 பெட்டிகள் அனுப்பினார்."

நடந்தது இதுதான். எண் போடாத குறிகளை நிரல் இடமிருந்து வலமாக நிரப்பும். இரண்டாவது மதிப்பான 12, இரண்டாவது %s-இல் உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது மதிப்பான "ரவி", %d-க்குப் போனது. பிஎச்பி எழுத்தை எண்ணாக்கச் சொன்னால் சத்தமில்லாமல் 0 ஆக்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து. ஒரு தக்காளி வியாபாரி போன் போட்டு, "தம்பி, பன்னெண்டு பெட்டி ஏத்துனேன், பூஜ்யம்னு காட்டுது"னு கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இதற்கு நிரலாளரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. ஆங்கில வரியில் எண் இல்லாவிட்டாலும் தமிழ் வரியில் நீங்கள் போட்டுக்கொள்ளலாம்: `%1$s`, `%3$s`, `%2$d`. எண் என்பது ஆங்கில வரியில் அந்தக் குறி இருந்த இடம். ஒன்றுக்குப் போட்டால் அந்த வரியில் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுங்கள். ஒப்படைக்கும் முன் மொழிபெயர்ப்புக் கோப்பை msgfmt என்ற கருவியில் இப்படி ஓட்டிச் சோதியுங்கள்:

```
msgfmt -c -o /dev/null ta.po
```

%s-உம் %d-உம் இடம் மாறியிருந்தால் இது பிடித்துக்கொடுக்கும், இரண்டு %s தங்களுக்குள் மாறியிருந்தால் பிடிக்காது. ஆனால் மேலே இருக்கிற `#, php-format` என்ற வரி இருந்தால்தான் சோதிக்கும். எடிட்டரில் திறந்து அதைத் தெரியாமல் அழித்துவிடாதீர்கள்.

வரிசை சரியானதும் அடுத்தது "க்கு". `%3$sக்கு` என்று எழுதினால் "ரவிக்கு" நன்றாக வரும். முருகன் வந்தால் "முருகன்க்கு". சரி, "உக்கு" ஆக்கலாமே என்று `%3$sுக்கு` எழுதிப் பார்த்தேன். மெய்ப்புள்ளிக்குப் பின்னால் உகரக் குறி ஒட்டாதே. முருகனுக்குப் பக்கத்தில் புள்ளிபோட்ட ஒரு வட்டம் தொங்கியது. வேற்றுமை உருபை முன்னால் இருக்கும் சொல் தீர்மானிக்கிறது, அந்தச் சொல்லோ நமக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் ஒட்டவைக்க நினைப்பதே வீண். "%3$s என்பவருக்கு" என்றால் போலீஸ் எஃப்ஐஆர் வாசிப்பதுபோல இருக்கிறது. "அவர்களுக்கு" என்றால் ஆளுக்குச் சரி, "அம்மன் டிரேடர்ஸ் அவர்களுக்கு" என்று கடைக்கு வந்தால் கல்யாணப் பத்திரிகை.

வினைச்சொல்லும் விடவில்லை. அனுப்பியவர் ஆள் என்றால் "அனுப்பினார்", கடை என்றால் "அனுப்பியது". இந்த இடத்தில் மலையாள நண்பன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு யார் அனுப்பினாலும் "அயச்சு" ஒன்றே போதும், மலையாள வினை ஆள், பால், எண் எதையும் பார்ப்பதில்லை. ஆனால் "க்கு"-வில் அவனும் மாட்டினான், அங்கேயும் ரவிக்கு ஒரு உருபு, ராமனுக்கு வேறு. கடைசியில் இரண்டு பேரும் வாக்கியத்தையே கைவிட்டோம்:

```
msgstr[0] "அனுப்பியவர்: %1$s | பெறுபவர்: %3$s | %2$d பெட்டி"
msgstr[1] "அனுப்பியவர்: %1$s | பெறுபவர்: %3$s | %2$d பெட்டி"
```

அழகில்லைதான். ஆனால் எந்தப் பெயரைப் போட்டாலும் உடையாது.

ஒருமைக்கான [0], பன்மைக்கான [1], இரண்டு வரியும் ஒன்றாக இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கலாம், தப்பில்லை. சந்தையில் "பன்னெண்டு பெட்டி" என்றுதான் சொல்வார்கள், எண்ணுக்குப் பின்னால் "கள்" யாரும் போடுவதில்லை. ஆனாலும் இரண்டையும் நிரப்ப வேண்டும். வாக்கியமாக எழுதும் இடங்களில் வித்தியாசம் வந்துவிடும்: "1 பதிவு நீக்கப்பட்டது", "5 பதிவுகள் நீக்கப்பட்டன". பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு வினையை மறப்பது எல்லாரும் செய்கிற தவறு.

ஒருமை வரியில் %d-ஐ எடுத்துவிட்டு "ஒரு பெட்டி" என்று எழுத ஆசை வரும். வேண்டாம். கோப்பின் தலைப்பில் தமிழுக்கு இருக்க வேண்டியது இது:

```
Plural-Forms: nplurals=2; plural=(n != 1);
```

இதன்படி 1 மட்டும் ஒருமை, 0 பன்மைப் பக்கம். எங்கள் கோப்பு ஒரு இந்திக் கோப்பைப் பிரதி எடுத்துத் தொடங்கியது. அதில் `n > 1` இருந்தது, அதாவது 0-வும் ஒருமை. விளைவு, ஒன்றுமே அனுப்பாத நாளிலும் திரையில் "ஒரு பெட்டி". எண்குறியை விட்டுவைத்திருந்தால் குறைந்தபட்சம் "0 பெட்டி" என்றாவது வந்திருக்கும்.

இனி நீளம். "Accepted", "Not accepted" என்று இரண்டு நிலைகள். நான் முறையாக "ஏற்றுக்கொள்ளப்பட்டது", "ஏற்றுக்கொள்ளப்படவில்லை" என்று எழுதினேன். சின்ன போனில் இரண்டுமே "ஏற்றுக்கொள்ளப்ப…" என்று வெட்டுப்பட்டு நின்றன. ஆங்கிலத்தில் "Not" முன்னால் வருவதால் வால் வெட்டுப்பட்டாலும் பொருள் தப்பிக்கும். நமக்கு "இல்லை" வாலில்தான் இருக்கிறது. வெட்டினால் மறுத்த சரக்கும் ஏற்ற சரக்கும் ஒன்றாகிவிடும். நடுவில் இடைவெளியும் இல்லாததால் அடுத்த வரிக்கு மடங்கவும் செய்யாது. சோதிக்கும்போது நீளத்தை மட்டும் பார்க்காமல், வெட்டுப்பட்ட பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். நாங்கள் "ஏற்பு", "மறுப்பு" என்று மாற்றினோம். "Confirm receipt" என்ற பட்டனுக்கு "பெற்றுக்கொண்டதை உறுதிசெய்" என்று இருந்ததை "சரக்கு வந்தது" ஆக்கினோம். லாரி டிரைவருக்கு அதுவே பழகிய பேச்சு.

பெயர் வரும் எந்த வரியையும் ரவி, முருகன், மாலா, அம்மன் டிரேடர்ஸ் என்ற நான்கையும், எண்ணுக்கு 0, 1, 12 மூன்றையும் போட்டு ஒருமுறை திரையில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் அடித்து வைத்திருப்பவர்களும் உண்டு, "Raviக்கு" எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.