அரக்குப் புடவை படத்திலும் அரக்காக இருக்க வேண்டும்

"தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். நல்ல கேமரா போன் மட்டும் இருக்கிறது. கடைப் பொருள், விழா வீடியோ, ஸ்டாக் படம், எதில் முதலில் காசு வரும்?"

கடைகளில் தொடங்குங்கள். எம்.சி. ரோடு துணிக்கடைகள் உங்களுக்குப் பக்கம்தான்.

இந்த வேலையின் உயிர் நிறம். முதல் வேலையில் 40 புடவைகளைக் கடைக்குள்ளேயே எடுத்தேன். ஒரு பக்கம் எல்இடி விளக்கு, மறுபக்கம் வாசல் வெளிச்சம். அரக்குப் புடவை படத்தில் பளீர் சிவப்பாகிவிட்டது. வாங்கியவர் திருப்பி அனுப்பினார். கடைக்காரர் பாதிப் பணம்தான் கொடுத்தார். அது நியாயம்தான். இருவகை ஒளி கலந்தால் போன் நிறத்தைத் தவறாகக் கணிக்கும்.

இப்போது விளக்குகளை அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத வாசலோரம் எடுக்கிறேன். இருண்ட பக்கத்தில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் மடிப்புகளின் நிழல் இளகும். அகலக் கோண லென்ஸில் புடவையின் ஓரம் வளையும். பின்வாங்கி 2x-இல் எடுங்கள். முதல் படத்தை எடுத்ததும் புடவையையும் போனையும் அருகருகே வைத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அவர் தலையாட்டிய பிறகே மற்றவை. படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருங்கி ஜரிகை மங்கிவிடும்.

வளைகாப்பு, காதுகுத்துக்குக் குறும் வீடியோ எடுக்கலாம்; முன்பணம் வாங்காமல் போகாதீர்கள்.

யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்த இணையதளத்தில் போட்டுவைக்கும் ஸ்டாக் படத்தில் வருமானம் மெதுவாகத்தான் வரும். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவின் முகம் தெரிந்தால், விளம்பரப் பயன்பாட்டுக்கு அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. ஆளில்லாத படகும் வலையும் என்றால் அந்தச் சிக்கல் இல்லை.