கிண்ணத்தின் அடியில் ஏழு எழுத்து

அன்புள்ள அண்ணாச்சிக்கு,
சிங்கப்பூரில் வேலை பார்த்த தாத்தா கொண்டுவந்த பீங்கான் கிண்ணம் குளச்சலில் எங்கள் வீட்டில் இருக்கிறது. அடியில் நீல மையில் ஆறு சீன எழுத்து, அதில் ஒன்று தேய்ந்துவிட்டது. பக்கத்தில் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்து ஒன்று. நீங்கள் வாசித்துச் சொன்னால் எவ்வளவு நம்பலாம்? சீனர் யாரிடமாவது கேட்க வேண்டுமா?

அன்புள்ள தம்பி,

படம் பார்த்தேன். நீல எழுத்து ஆறையும் யாரிடமும் கேட்க வேண்டாம். வலது வரிசையை மேலிருந்து கீழாகவும், அப்புறம் இடது வரிசையையும் படித்தால், 'மகா மிங் செங்ஹுவா ஆண்டில் செய்தது' என்று வரும். தேய்ந்திருப்பது மூன்றாவது எழுத்து, 'செங்'. அது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உறுதியாகச் சொல்கிறேன். ஏனென்றால் அந்த இடத்தில் ஓர் அரசரின் ஆட்சிப் பெயர்தான் வரும், மிங் அரச வம்சத்தின் ஆட்சிப் பெயர்களில் 'ஹுவா' என்று முடிவது இது ஒன்றுதான். இதுவே ஆட்சிப் பெயரின் முதல் எழுத்து 'ஜெங்' என்று தெளிவாக இருந்து அடுத்தது தேய்ந்திருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. ஜெங்தோங், ஜெங்தே என்று இரண்டு பெயர் இருக்கிறது.

ஆனால் வாசிப்பு உறுதி என்பதால் வயதும் உறுதி என்று நினைத்துவிடாதே. செங்ஹுவா காலம் 1465 முதல் 1487 வரை. அந்த முத்திரையை இருநூறு வருடம் கழித்தும் அதற்குப் பிறகும் கிண்ணங்களில் எழுதியிருக்கிறார்கள்.

கொத்திய எழுத்துதான் சிக்கல். விருந்துக்கு இரவல் போகும் பாத்திரம் மாறிவிடக் கூடாது என்று நாம் எவர்சில்வரில் பெயர் வெட்டுகிறோமே, அதே வழக்கம் சீனர்களிடமும் இருந்தது. இரண்டு குறுக்குக் கோடு, நடுவே ஒரு நெடுங்கோடு. கீழ்க்கோடு நீளமென்றால் 'மண்'. மேல்கோடு நீளமென்றால் 'கற்றவர்'. புள்ளிகள் உதிர்ந்ததில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளமாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு அடிப்பாகம் வட்டம், கொத்தியவர் எந்தப் பக்கம் பார்த்துக் கொத்தினார் என்று தெரியாது. 'கற்றவர்' எழுத்தைத் தலைகீழாக்கினால் குடும்பப் பெயராக வரும் இன்னொரு எழுத்தாகிவிடும். பக்கத்துணைக்கு வேறு எழுத்தும் இல்லை. ஆக மூன்று சாத்தியம், நான் ஒன்றைச் சொன்னால் அது யூகம்.

இதைத்தான் கேட்க வேண்டும். சீனம் பேசும் எல்லாரும் இதைப் படித்துவிட மாட்டார்கள். சிதறால் மலையின் வட்டெழுத்தை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? இப்படிப் பெயர் கொத்திய பாத்திரங்களைப் புழங்கிய, வயதான ஒருவராகப் பார். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கிண்ணத்தை நான்கு பக்கமும் திருப்பி நான்கு படம் எடுத்து அனுப்பு. நான் சொன்ன மூன்றையும் அவரிடம் சொல்லாதே. சொன்னால் அவருக்கும் அதுவே தெரியும். எந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்கிறார் என்று மட்டும் கேள். அவர் கோட்டைக் காட்டாமல் 'இந்தப் பெயர்தான் அதிகம் வரும்' என்றால், அதுவும் யூகம்தான். அப்போது இன்னொருவரிடம், முதலாமவர் சொன்னதைச் சொல்லாமல், அதே நான்கு படத்தைக் காட்டு.